பின்னால் வந்த பெட்ரோல் பில்

அமெரிக்காவில் படிக்கும் ஒரு மாணவியின் வங்கிக் கணக்கில் வியாழக்கிழமை மாலை 140 டாலர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாரம் கழித்து அதே கணக்கு 74 டாலர் 20 சென்ட் கடன் காட்டுகிறது. இடையில் அவர் ஆடம்பரமாக எதுவும் செலவு செய்யவில்லை. பெட்ரோல் போட்டார், ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தார், போன் பில் கட்டினார், பகுதி நேர வேலைச் சம்பளத்தில் 80 டாலர் கணக்கில் சேர்ந்தது. கூட்டிக் கழித்தால் கணக்கில் 20 டாலருக்கு மேல் மிச்சம் இருக்க வேண்டும். இருப்பதோ கடன். நடுவில் வங்கி மூன்று முறை கட்டணம் பிடித்திருக்கிறது. அந்த மூன்றில் எது நியாயம், எதைத் திருப்பிக் கேட்கலாம் என்று தெரியாமல், அபராதம் என்று நினைத்துப் பேசாமல் கட்டிவிடுகிறவர்கள் ஏராளம். அங்கே பிள்ளைகள் இருக்கும் நம் வீடுகளிலும் இப்படி நடக்கலாம். அதனால் உதாரணக் கணக்குதான் என்றாலும் ஒவ்வொரு நாளாக அதைப் பார்ப்பது நல்லது.

அந்த வியாழக்கிழமை அவர் பங்கில் காரை நிறுத்தி, பம்பிலேயே டெபிட் கார்டைச் செருகுகிறார். நம் ஊரில் ஊழியர் பெட்ரோல் போட்டு முடித்த பிறகு தொகையை இயந்திரத்தில் அடித்துக் கார்டைக் கேட்பார். அங்கே கார்டு முதலில், பெட்ரோல் பிறகு. எத்தனை டாலருக்குப் போடப் போகிறார் என்று பம்புக்குத் தெரியாது. அதனால் அது வங்கியிடம் ஒரு தோராயத் தொகைக்கு அனுமதி கேட்கிறது. சில பங்குகள் வெறும் 1 டாலருக்குக் கேட்கும். சில பங்குகள் பெரிய தொகைக்குக் கேட்கும். 2022-இல் கார்டு நிறுவனங்கள் இதற்கான உச்ச வரம்பை 125 டாலரிலிருந்து 175 டாலராக உயர்த்தின. கேட்ட தொகையை வங்கி உடனே கொடுத்துவிடுவதில்லை. கணக்கிலேயே ஓரமாக ஒதுக்கி வைக்கிறது. இதைத்தான் ஹோல்டு என்கிறார்கள். வங்கியின் செயலியில் அது 'பெண்டிங்' என்ற தலைப்பின் கீழ் தெரியும். பெட்ரோலின் உண்மையான தொகை சில மணி நேரத்திலும் வந்து சேரலாம், இரண்டு மூன்று நாள் கழித்தும் வரலாம். வந்து கணக்கில் ஏறிய பிறகுதான் அது 'போஸ்டட்'.

நம் மாணவி போட்டது 46 டாலர் 20 சென்ட்டுக்கு. பம்பு கேட்டதோ 1 டாலர்தான். ஆகவே செயலியில் எடுக்கக்கூடிய இருப்பு 139 என்று காட்டுகிறது. வெள்ளிக்கிழமை அதைப் பார்த்துவிட்டு, வழியில் இருக்கும் வேறொரு வங்கியின் ஏ.டி.எம்.மில் 100 டாலர் எடுக்கிறார். அந்த இயந்திரத்துக்கான கட்டணம் 3 டாலர். கணக்கில் மீதி 37. திங்கட்கிழமை இரவு பெட்ரோல் பில் முழுத் தொகையாக வந்து ஏறுகிறது. 37-இல் 46.20 போனால் கணக்கு 9 டாலர் 20 சென்ட் மைனஸ். உடனே 35 டாலர் ஓவர்டிராஃப்ட் கட்டணம் விழுகிறது. இப்போது மைனஸ் 44.20. இதுதான் முதல் கட்டணம்.

புதன்கிழமை சம்பளம் 80 டாலர் வருகிறது. கணக்கு 35.80-க்கு ஏறுகிறது. வியாழக்கிழமை போன் நிறுவனம், மாணவி ஏற்கெனவே கொடுத்து வைத்திருந்த கணக்கு எண்ணை வைத்து 50 டாலரைத் தானாக எடுத்துக்கொள்கிறது. மைனஸ் 14.20. இன்னொரு 35 டாலர் கட்டணம். மைனஸ் 49.20. அதன் பிறகு ஐந்து வேலை நாட்கள் ஆகியும் கணக்கு நேராகவில்லை என்று மூன்றாவதாக 25 டாலர் பிடிக்கிறார்கள். கணக்கு நீண்ட நாள் கடனிலேயே கிடந்ததற்கான கட்டணம் அது. எல்லாம் சேர்ந்து மைனஸ் 74.20.

இங்கே அமெரிக்கச் சட்டம் ஒன்று குறுக்கே வருகிறது. மின்னணுப் பணப் பரிமாற்றத்துக்கான 'ரெகுலேஷன் இ' என்ற விதித்தொகுப்பில் 2010 ஜூலை முதல் ஒரு பிரிவு நடைமுறையில் இருக்கிறது. ஏ.டி.எம்.மில் பணம் எடுப்பதாலோ, டெபிட் கார்டில் ஒரு முறை பொருள் வாங்குவதாலோ கணக்கு மைனஸில் போனால், வாடிக்கையாளர் முன்கூட்டியே தனியாக ஒப்புதல் கொடுத்திருந்தால் மட்டுமே வங்கி அதற்குக் கட்டணம் பிடிக்கலாம். ஒப்புதல் இல்லையென்றால் கட்டணமும் இல்லை. கணக்கு தொடங்கும்போது கையெழுத்திட்ட பொதுவான படிவத்தில் நடுவே ஒரு வரி இருந்தது என்பது இதற்குப் போதாது. ஓவர்டிராஃப்ட் சேவையை விளக்கும் அறிவிப்பைத் தனியாகக் கொடுத்து, வாடிக்கையாளர் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி, அதை வங்கி எழுத்தில் உறுதிப்படுத்தி அனுப்பியிருக்க வேண்டும்.

வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர்கள் இதற்கு வழக்கமாக ஒரு பதில் சொல்வார்கள். பெட்ரோல் பம்பு 1 டாலர் கேட்டபோது கணக்கில் பணம் இருந்தது, நாங்கள் அனுமதித்தோம். பிறகு முழுத் தொகை வந்தபோது கொடுக்க மாட்டோம் என்று சொல்ல எங்களுக்கு வழியில்லை. எனவே கட்டணம் பிடித்தோம் என்பார்கள். இந்தப் பதிலில் பாதி உண்மை. அனுமதித்த கார்டுப் பரிவர்த்தனையை வங்கி கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் கொடுக்க வேண்டிய கட்டாயம் வேறு, கட்டணம் பிடிக்கும் உரிமை வேறு. இந்த விதியை எழுதிய காலத்திலேயே பெட்ரோல் பம்பு போன்ற இடங்களுக்கு விலக்கு வேண்டும் என்ற யோசனை வந்தது. கடைசி விதியில் அந்த விலக்கு இடம்பெறவில்லை. ஆகவே ஒப்புதல் கொடுக்காத வாடிக்கையாளரிடம், அனுமதி கேட்ட தொகையும் கடைசியில் ஏறிய தொகையும் வேறு வேறாக இருந்தது என்ற காரணத்தைச் சொல்லிக் கட்டணம் பிடிக்க முடியாது. நம் மாணவி ஒப்புதல் கொடுக்கவில்லை என்றால் முதல் 35 டாலர் பிடித்திருக்கவே கூடாத பணம். 9.20 கடனை அவர் கட்டத்தான் வேண்டும். அது அவர் போட்ட பெட்ரோலுக்கான காசு.

இரண்டாவது கட்டணம் சற்றுச் சிக்கலானது. கணக்கு எண்ணை வைத்துத் தானாகப் பிடிக்கும் பில்லுக்கு இந்த ஒப்புதல் விதி பொருந்தாது. காசோலைக்கும் பொருந்தாது. மாதாமாதம் கார்டில் தானாகப் புதுப்பிக்கப்படும் சந்தாக்களையும் இந்த விதி காப்பதில்லை, ஏனென்றால் அவை ஒரு முறை வாங்குவதில் சேர்த்தி இல்லை. எனவே போன் பில் மேல் விழுந்த 35 டாலரை, ஒப்புதல் கொடுக்கவில்லை என்ற ஒரே வாதத்தை வைத்துத் திருப்பிக் கேட்க முடியாது. இப்படிக் கேட்டுவிட்டு, விதி பொருந்தாது என்ற பதிலோடு திரும்பி வருகிறவர்களும் உண்டு.

ஆனால் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். முதல் 35 டாலரைப் பிடித்திருக்காவிட்டால் புதன்கிழமை சம்பளம் வந்தபோது கணக்கில் 70.80 இருந்திருக்கும். போன் பில் 50 போனாலும் 20.80 மிச்சம் இருந்திருக்கும். கணக்கு மைனஸில் போயிருக்கவே போகாது. அதாவது இரண்டாவது கட்டணத்தைப் பெற்றெடுத்தது போன் பில் அல்ல, முதல் கட்டணம். சட்டத்துக்கு மாறாகப் பிடித்த ஒரு தொகையால் வாடிக்கையாளருக்கு ஏற்பட்ட உண்மையான இழப்பையும் கேட்க மின்னணுப் பரிமாற்றச் சட்டம் இடம் கொடுக்கிறது. வங்கியிடம் வைக்க வேண்டிய வாதம் இதுதான்: முதல் கட்டணத்தை அது விழுந்த திங்கட்கிழமையிலிருந்தே எடுத்துவிட்டு, நாள் வாரியாக இருப்பை மறுபடி கணக்கிட்டுக் காட்டுங்கள். அப்படிக் காட்டினால் இரண்டாவது தானாக விழுந்துவிடும்.

எல்லாக் கணக்கிலும் இப்படி அமையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். புதன்கிழமை அந்த 80 டாலர் வராமல் இருந்திருந்தால், முதல் கட்டணம் இல்லாமலேயே போன் பில் கணக்கை மைனஸுக்குக் கொண்டுபோயிருக்கும். அப்போது இரண்டாவது கட்டணம் நிற்கும். தயவாகக் கேட்கலாமே தவிர உரிமையாகக் கேட்க முடியாது. ஆகவே புகார் எழுதுவதற்கு முன் காகிதத்தில் ஒரு முறை இந்தக் கழித்தலைச் செய்து பார்ப்பது அவசியம்.

மூன்றாவது கட்டணம், கடனிலேயே கிடந்ததற்கானது. ஒப்புதல் இல்லாத கணக்கு கார்டுப் பரிவர்த்தனையால் மட்டும் மைனஸில் கிடந்தால், இந்தத் தொடர் கட்டணத்தையும் பிடிக்கக் கூடாது என்று விதியின் அதிகாரபூர்வ விளக்கவுரை சொல்கிறது. கார்டோடு காசோலையோ தானியங்கிப் பில்லோ சேர்ந்து மைனஸ் ஆக்கியிருந்தால், அந்தப் பில் ஏறிய தேதியிலிருந்துதான் வங்கி நாள் எண்ண வேண்டும். நம் உதாரணத்தில் முதல் கட்டணம் போனால் மைனஸே இல்லை. எனவே மூன்றாவதும் நிற்க இடமில்லை.

மீதி இருப்பது ஏ.டி.எம். இயந்திரம் பிடித்த 3 டாலர். அது திரையில் தொகையைக் காட்டி, சம்மதமா என்று கேட்டு, அழுத்திய பிறகு பிடித்தது. அதைத் திருப்பிக் கேட்க வழியில்லை. மூன்று கட்டணமும் திரும்ப வந்தால் மாணவியின் கணக்கில் 20 டாலர் 80 சென்ட் இருக்கும்.

சரி, ஒப்புதல் கொடுத்திருந்தால்? பலர் நினைவே இல்லாமல் கொடுத்திருப்பார்கள். கணக்கு தொடங்கும் நாளில் எதிரே இருக்கும் ஊழியர், கார்டு எங்கேயும் மறுக்கப்படாமல் இருக்க ஒரு வசதி, போட்டுவிடட்டுமா என்று கேட்டிருப்பார், தலையாட்டியிருப்பார்கள். இந்த ஒப்புதலை வங்கிகள் வாங்கும் முறையே அமெரிக்காவில் பெரிய வழக்காகியிருக்கிறது. 2020-இல் டிடி வங்கி, ஒப்புதலை முறையாக வாங்காமல் கட்டணம் பிடித்ததற்காக, வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதும் அபராதமுமாக 122 மில்லியன் டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. எனவே ஒப்புதல் இருக்கிறது என்று வங்கி சொன்னால், என்று, எந்த வழியாகக் கொடுத்தேன், எனக்கு அனுப்பிய எழுத்து உறுதிச் சீட்டின் நகல் எங்கே என்று மூன்றையும் கேட்கலாம். கூட்டுக் கணக்காக இருந்தால் ஒருவர் கொடுத்த ஒப்புதல் இருவருக்கும் செல்லும் என்பதைக் கணவன் மனைவி கவனிக்க வேண்டும். அதேபோல் இருவரில் யார் வேண்டுமானாலும் எந்த நாளும் அதைத் திரும்பப் பெறலாம்.

ஒப்புதல் முறையாகவே இருந்தால் வாதம் வேறு தளத்துக்குப் போகிறது. அனுமதி கேட்டபோது பணம் இருந்தது, கணக்கு முடிக்கும்போது இல்லை; இந்த இடைவெளியில் பிடிக்கும் கட்டணம் வாடிக்கையாளர் எதிர்பார்க்க முடியாதது, எனவே நியாயமற்றது என்று அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சி.எஃப்.பி.பி. நிலை எடுத்தது. 2022-இல் ரீஜன்ஸ் வங்கி இந்த வகைக் கட்டணத்துக்காக 141 மில்லியன் டாலரை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தரவும், 50 மில்லியன் அபராதம் கட்டவும் உத்தரவானது. அதே ஆண்டு அக்டோபரில் இந்த நிலையை விளக்கி ஒரு சுற்றறிக்கையும் வந்தது. 2025 மே மாதம், ஆட்சி மாறிய பின், அந்தச் சுற்றறிக்கையை அமைப்பே திரும்பப் பெற்றுக்கொண்டது. நியாயமற்ற நடைமுறைக்குத் தடை விதிக்கும் மூலச் சட்டம் அப்படியே இருக்கிறது. ஆனால் அதைத் தட்டிக் கேட்கும் கை தளர்ந்திருக்கிறது. அதனால் ஒப்புதல் கொடுத்தவர்கள் இன்று முதலில் பார்க்க வேண்டியது தங்கள் வங்கியின் சொந்தக் கட்டண விதிகளை. பெரிய வங்கிகள் பல 2022 வாக்கில் தாமாகவே இதைத் தளர்த்திவிட்டன. கேபிடல் ஒன், சிட்டி வங்கிகள் ஓவர்டிராஃப்ட் கட்டணத்தையே எடுத்துவிட்டன. பேங்க் ஆஃப் அமெரிக்கா 35 டாலரை 10 ஆகக் குறைத்தது. அனுமதிக்கும்போது பணம் இருந்த பரிவர்த்தனைக்குக் கட்டணம் இல்லை என்றோ, இத்தனை டாலருக்குக் குறைவான மைனஸுக்குக் கட்டணம் இல்லை என்றோ வங்கியின் விதியிலேயே ஒரு வரி இருந்தால், அதைவிட வலுவான ஆதாரம் வேண்டாம். 9.20 போன்ற சின்னக் கடன் பல நேரம் அந்த வரம்புக்குள் அடங்கிவிடும்.

ஹோல்டு இன்னொரு விதத்திலும் காலை வாரும். உணவகத்திலோ விடுதியிலோ வங்கி முழுத் தொகையையும் ஒதுக்கி வைத்திருக்கும். கடைக்காரர் பில்லை அனுப்பத் தாமதித்தால் சில நாளில் ஒதுக்கீடு காலாவதியாகி அந்தப் பணம் மறுபடி இருப்பில் சேர்ந்துவிடும். பார்ப்பவர், சரி, அந்தச் செலவு ரத்தாகிவிட்டது என்று நினைத்து எடுத்துச் செலவழிப்பார். பிறகு பில் வந்து ஏறும். இதற்கு நேர்மாறாக, பில் ஏறிய பிறகும் பழைய ஹோல்டு போகாமல் ஒரே செலவுக்கு இரண்டு முறை பணம் முடங்கிக் கிடப்பதும் உண்டு. அந்த முடக்கத்தால் வேறொரு பில்லுக்குக் கட்டணம் விழுந்தால், அது வங்கியின் கணக்குப் பிழை என்று நேராகவே கேட்கலாம். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, பெண்டிங் பட்டியலும் போஸ்டட் பட்டியலும் ஒரே நேரத்தில் தெரியும்படி செயலியைப் படம் பிடித்து வைப்பது. ஹோல்டு விலகியதும் அது பட்டியலிலிருந்து மறைந்துவிடும். மாதாந்திர ஸ்டேட்மென்ட்டிலும் வராது. கட்டணம் விழுந்த அன்றைக்கே படம் எடுக்காதவர் கையில் பிறகு ஆதாரம் எதுவும் இருக்காது. பெட்ரோல் பங்கு ரசீதில் தேதியோடு நேரமும் இருக்கும். அதையும் வைத்துக்கொள்ளலாம்.

கேட்கும் முறையிலும் ஒரு கவனம் தேவை. போனில் அழைத்து, தெரியாமல் நடந்துவிட்டது, மன்னித்துவிடுங்கள் என்று தொடங்கினால், ஊழியர் நல்லெண்ண அடிப்படையில் ஒரு கட்டணத்தை மட்டும் எடுத்துவிட்டு, இந்த ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று முடித்துவிடுவார். மற்ற இரண்டும் அப்படியே நிற்கும். அதனால் செயலியிலேயே இருக்கும் பாதுகாப்பான செய்திப் பெட்டி வழியாகவோ கடிதமாகவோ எழுத்தில் கேட்பது நல்லது. பெட்ரோல் போட்ட நாள், ஏறிய நாள், அன்றைய இருப்பு, மூன்று கட்டணங்களின் தேதி, அவற்றை எடுத்தால் வரும் 20.80 என்ற முடிவு ஆகியவற்றை வரிசையாக எழுதி, ஒப்புதல் சீட்டின் நகலையும் கேட்டால், பதில் சொல்பவர் உங்கள் கணக்கைச் சரிபார்த்தாக வேண்டும். பெட்ரோல் தொகையே தவறாக, 46.20-க்குப் பதில் 64.20 என்று ஏறியிருந்தால் அது வேறு வழக்கு. அந்த ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் சொல்ல வேண்டும். வங்கி பத்து வேலை நாளுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும், முடியாவிட்டால் தற்காலிகமாகப் பணத்தைக் கணக்கில் போட்டுவிட்டு விசாரிக்க வேண்டும்.

வங்கி மறுத்தால் `consumerfinance.gov` தளத்தில் புகார் பதியலாம். பெரும்பாலும் 15 நாளுக்குள் வங்கி பதில் அளிக்கும். தேசிய வங்கியாக இருந்தால் `HelpWithMyBank.gov` இன்னொரு வழி. நீதிமன்றம் போக வேண்டிய அளவுக்கு முற்றினால், ஒப்புதல் விதியை மீறிய நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும்.

படிப்பு முடிந்து ஊர் திரும்புகிறவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் ஆபத்து இருக்கிறது. மைனஸ் 74 டாலர்தானே, அமெரிக்காவைவிட்டே போகிறோம், கிடக்கட்டும் என்று சிலர் கணக்கை அப்படியே விட்டுவிடுகிறார்கள். வங்கி அதை வராக்கடனாக எழுதி, செக்ஸ்சிஸ்டம்ஸ் என்ற தகவல் நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடலாம். அந்தப் பதிவு ஐந்து ஆண்டு வரை நிற்கும். வேலை கிடைத்துத் திரும்பி வந்து வேறொரு வங்கியில் கணக்கு தொடங்கப் போனால், கணக்கு கொடுக்க மறுப்பதற்கு அது போதுமான காரணமாகிவிடும். ஆகவே விமானம் ஏறுவதற்கு இரண்டு வாரம் முன்பே அந்தக் கார்டில் பெட்ரோல் போடுவதையும் விடுதியில் தங்குவதையும் நிறுத்திவிட்டு, தானியங்கிப் பில்களை ரத்து செய்து, பெண்டிங் பட்டியல் காலியானதைப் பார்த்த பிறகே கணக்கை மூடச் சொல்ல வேண்டும். மூடியதற்கு எழுத்தில் ஒரு சீட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும்.